சதுர அலையின் ஓரத்தில் நிற்கும் 9 விழுக்காடு

பினாங்கில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு வார இறுதிகளில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். ஃபூரியர் தொடர் பாடத்தில் சைன் அலைகளைக் கூட்டிச் சதுர அலையை வரையும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்: "சார், இன்னும் நிறைய உறுப்புகளைக் கூட்டினால் ஓரத்தில் எகிறி நிற்கிற அந்த முனை அடங்கிவிடும்தானே?" அடங்காது. ஆயிரம் உறுப்பு போட்டாலும் பத்து லட்சம் போட்டாலும் அடங்காது. இதைக் கேட்டதும் பலர், "அப்படியானால் தொடர் சதுர அலைக்குப் போய்ச் சேரவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுவும் தவறு. இரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து பிறக்கின்றன.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 0-க்கும் π-க்கும் இடையில் மதிப்பு +1, -π-க்கும் 0-க்கும் இடையில் -1, அதே வடிவம் திரும்பத் திரும்ப வரும் அலை. இதற்கு ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டுமே உண்டு. முதல் N உறுப்புகளின் கூட்டல் இது:

S_N(x) = (4/π) [ sin x + sin 3x / 3 + sin 5x / 5 + … + sin((2N−1)x) / (2N−1) ]

இதை வகையிட்டால் சைன்கள் எல்லாம் கொசைன்களாகி, கூட்டல் அழகாகச் சுருங்கிவிடும்:

S_N′(x) = (2/π) · sin(2Nx) / sin x

இது 0-க்கு வலப்பக்கம் முதன்முதலாகச் சுழியாவது x = π/(2N) என்ற இடத்தில். முதல் உச்சி அங்கேதான் இருக்கிறது. N பெரிதாகப் பெரிதாக அந்த இடம், அலை -1-இலிருந்து +1-க்குத் தாவும் x = 0-ஐ, அதாவது தாவலை நோக்கி நகர்கிறது. அதன் உயரம் என்ன ஆகிறது? N = 1 என்றால் 1.273. N = 2-க்கு 1.200, N = 3-க்கு 1.188, N = 5-க்கு 1.182, N = 10-க்கு 1.180. முதல் இரண்டு மூன்று படிகளை மட்டும் பார்ப்பவருக்கு இது 1-ஐ நோக்கி இறங்குவதுபோலத்தான் தெரியும். ஆனால் N = 100-க்கு வந்தாலும் 1.17899-தான். இறக்கம் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஏன் நிற்கிறது என்பதைப் பார்க்க, உச்சி இருக்கும் இடத்தையே சூத்திரத்தில் போடுவோம். t_k = (2k−1)π/(2N) என்று வைத்துக்கொண்டால்,

S_N(π/2N) = (2/π) · Σ (sin t_k / t_k) · (π/N)

இந்தக் கூட்டல் பழகிய ஒன்றுதான். 0 முதல் π வரையிலான நீளத்தை N துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் sin t / t-யின் மதிப்பை எடுத்து, அகலத்தால் பெருக்கிக் கூட்டியிருக்கிறோம். நடுப்புள்ளி முறையில் ஒரு தொகையீட்டைக் கணக்கிடுவது என்று முதலாம் ஆண்டிலேயே படித்தோமே, அதேதான். துண்டுகள் மெல்லியதாக ஆக, கூட்டல் அந்தத் தொகையீட்டை நெருங்கும். அதன் மதிப்பு 1.8519. அதை 2/π-யால் பெருக்கினால் 1.17898. உறுப்புகளைக் கூட்டுவது இந்தத் தொகையீட்டை இன்னும் துல்லியமாகக் கணக்கிடுவதற்குத்தான் உதவுகிறதே தவிர, அதன் மதிப்பைக் குறைப்பதற்கு அல்ல.

சரி, அப்படியானால் தொடர் எந்தப் பொருளில் சதுர அலைக்குப் போய்ச் சேருகிறது? ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பாருங்கள். x = 0.1 என்று வையுங்கள். N = 16 அளவில் முதல் உச்சி கிட்டத்தட்ட இந்த இடத்துக்கே வருகிறது, மதிப்பும் 1.18-ஐ ஒட்டி இருக்கும். அதற்குப் பிறகு உச்சி இந்த இடத்தைக் கடந்து தாவலை நோக்கிப் போய்விடும். பின்னால் வரும் சிற்றலைகள்தான் இங்கே மிஞ்சும். அவற்றின் அளவு ஏறத்தாழ 1/(πN sin x). N = 1000 என்றால் 0.1-இல் விலகல் சுமார் 0.003 வரைதான் போகும். தாவலுக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும், இடத்தை மாற்றாமல் வைத்திருந்தால், உச்சி என்றாவது ஒரு நாள் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் தொடர் சரியான மதிப்புக்கே வருகிறது. x = 0-இல் மட்டும் எல்லா உறுப்பும் சுழி என்பதால் விடை 0, அதாவது இரண்டு பக்கத்துக்கும் நடுமதிப்பு. ஆனால் "எல்லாப் புள்ளிகளிலும் சேர்த்துப் பார்த்தால் மிகப் பெரிய விலகல் எவ்வளவு" என்று கேட்டால் பதில் ஒருபோதும் சுழிக்கு வராது. முதலாவது புள்ளிவாரியான ஒருங்கல், இரண்டாவது சீரான ஒருங்கல். சதுர அலைக்கு முன்னது உண்டு, பின்னது இல்லை. கேள்வி எது என்று பிரித்துக்கொள்ளாமல் பதில் தேடினால்தான் மேலே சொன்ன இரண்டு தவறும் நடக்கின்றன.

இது மாணவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. ஹென்றி வில்பிரஹாம் என்ற ஆங்கிலேயர் 1848-லேயே இதை எழுதிவிட்டார், யாரும் கவனிக்கவில்லை. இன்று யார் பெயரால் இதை அழைக்கிறோமோ அந்த ஜே. வில்லார்ட் கிப்ஸ், 1898-இல் நேச்சர் இதழுக்கு எழுதிய முதல் கடிதத்தில் எகிறலை விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் திருத்தம் அனுப்பினார். புள்ளிகளின் எல்லையும் வளைகோட்டின் எல்லையும் வேறு வேறு என்பது அவ்வளவு எளிதாக நழுவிப் போகும்.

இப்போது கணினியில் நடக்கும் தவறுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இதுதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் தவறான நம்பிக்கைக்கு இது படத்தையே சாட்சியாகக் காட்டிவிடும். N = 100 உறுப்புகள். -π முதல் π வரை 200 சம இடைவெளிகள் போதும் என்று நினைத்து வரைகிறோம். படத்தில் எகிறல் இல்லவே இல்லை! கோடு எங்கேயும் 1-ஐத் தொடக்கூட இல்லை. "பாருங்கள், 100 உறுப்பு போட்டதும் மறைந்துவிட்டது" என்று சொல்லத் தோன்றும். இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np

N = 100
k = np.arange(1, N + 1)

def S(x):
    terms = np.sin((2*k - 1) * x[:, None]) / (2*k - 1)
    return (4 / np.pi) * terms.sum(axis=1)

print(S(np.linspace(0, np.pi, 101)).max())
print(S(np.linspace(0, np.pi/20, 2001)).max())
```

முதல் வரி 0.9968 என்று காட்டும். இரண்டாவது 1.179 என்று காட்டும். அதே N, அதே சூத்திரம். என்ன நடந்தது? வகையீடு sin(2Nx)-ஆல் சுழியாகிறது என்று பார்த்தோம். ஆகவே உச்சிகளும் பள்ளங்களும் π/200-இன் மடங்குகளில் மாறி மாறி வருகின்றன: ஒற்றைப்படை மடங்கில் உச்சி, இரட்டைப்படை மடங்கில் பள்ளம். நாம் எடுத்த புள்ளிகளோ π/100 இடைவெளியில் இருக்கின்றன. அதாவது எல்லாப் புள்ளியும் பள்ளத்தில் விழுகின்றன, ஓர் உச்சியைக்கூட நாம் பார்க்கவில்லை. தாவலுக்குப் பக்கத்தில் உள்ள முதல் பள்ளத்தின் மதிப்பு சுமார் 0.903. அலை அங்கே 1-ஐ எட்டாமல் வளைந்து ஏறுவதுபோல் படம் தெரியும், மிக நம்பத்தகுந்த தோற்றம்.

இதைத் தவிர்க்க, புள்ளிகளின் இடைவெளியை N-ஓடு கட்டி வையுங்கள். π/(2N) அகலத்துக்குள் குறைந்தது பத்துப் புள்ளிகளாவது விழ வேண்டும். முழுச் சுற்றையும் அப்படி வரையத் தேவையில்லை. 0 முதல் 5π/N வரை தனியாகப் பெரிதாக்கி வரைந்தால் போதும். அப்புறம் N-ஐ இரட்டிப்பாக்கும்போது x அச்சையும் பாதியாக்குங்கள். 1-ஐச் சுற்றிய சிற்றலைகள் ஒவ்வொரு N-க்கும் கிட்டத்தட்ட ஒரே படமாக வந்து நிற்பதைக் காண்பீர்கள். எகிறல் "குறைந்துவிட்டது" என்று எப்போதாவது தோன்றினால், முதலில் புள்ளிகளின் இடைவெளியைச் சந்தேகியுங்கள்.

எண்ணைச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலர் 9 விழுக்காடு என்கிறார்கள், சிலர் 18 என்கிறார்கள். நம் அலையில் எகிறல் 0.179. வீச்சு 1-ஓடு ஒப்பிட்டால் 17.9 விழுக்காடு, தாவலின் முழு உயரமான 2-ஓடு ஒப்பிட்டால் 8.95. எந்தத் தாவலுக்கும் பொருந்துவது இரண்டாவது எண்தான். 0-க்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் மாறும் அலை என்றால் தாவல் 5, எகிறல் ஏறத்தாழ 0.45 வோல்ட், உச்சி 5.45. கீழே -0.45 வரையும் போகும். இங்கே 18 விழுக்காட்டைப் போட்டு 5.9 வோல்ட் என்று எழுதினால் விடை தவறு.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பயிற்சிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆஸிலோஸ்கோப்பில் சதுர அலை ஏறியதும் ஓரத்தில் ஒரு முனையும் அதன்பின் நடுக்கமும் தெரிந்தால் உடனே "இது கிப்ஸ் விளைவு" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது புரோபின் ஈடுசெய்யும் கெப்பாசிட்டர் சரியாகத் திருப்பப்படாததாலோ நீளமான கிரவுண்ட் வயராலோ வருவது. வேறுபடுத்த ஓர் எளிய வழி இருக்கிறது. ஹார்மோனிக்குகளைச் சட்டென்று வெட்டியதால் வரும் சிற்றலை, தாவலுக்கு முன்னும் பின்னும் சமச்சீராக இருக்கும். சர்க்யூட் நடுக்கமோ தாவலுக்குப் பிறகு மட்டுமே வரும், ஏனென்றால் வராத தாவலுக்கு எந்தச் சர்க்யூட்டும் முன்கூட்டியே ஆட முடியாது. கிரவுண்ட் வயரைச் சுருக்கினால் நடுக்கத்தின் வேகம் மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் அது வயரின் வேலை. ஆனால் டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப்பில் தாவலுக்கு முன்பே நடுக்கம் தெரிந்தால் விஷயம் வேறு. மாதிரி எடுக்கும் வேகம் போதாமல், இடையில் உள்ள கோட்டை sin(x)/x முறையில் கருவியே நிரப்பும்போது அப்படித் தெரியும். திரையைப் புள்ளிகளாக மட்டும் காட்டும்படி மாற்றினால் உண்மை தெரிந்துவிடும். அந்த முன்நடுக்கம் கிப்ஸ் விளைவோடு உண்மையாகவே உறவுள்ளது.

எகிறலை நீக்கியே ஆக வேண்டும் என்றால் வழி உண்டு. உறுப்பே இல்லாத S_0 = 0-ஐயும் சேர்த்து, S_0 முதல் S_N வரை எல்லாவற்றையும் கூட்டி N+1-ஆல் வகுத்துச் சராசரி எடுப்பது ஃபெயேர் முறை. அந்தச் சராசரி ஒருபோதும் +1-ஐத் தாண்டாது, -1-க்குக் கீழும் இறங்காது. ஆனால் இதைப் பயன்படுத்திவிட்டு "இப்போது அலைக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிட்டோம்" என்று எழுதக் கூடாது. சராசரி வர்க்கப் பிழையால் அளந்தால், அதே ஹார்மோனிக்குகளை வைத்து எட்டக்கூடிய மிகச் சிறந்த தோராயம் அந்த எகிறுகிற S_N-தான். ஐந்தே உறுப்புகளில் அது அலையின் ஆற்றலில் சுமார் 96 விழுக்காட்டைப் பிடித்துவிடுகிறது. ஃபெயேர் கூட்டலில் மேல் ஹார்மோனிக்குகளின் எடை குறைக்கப்படுவதால் தாவல் மெதுவாக ஏறும், வர்க்கப் பிழையும் கூடும். எகிறல் இல்லாமை முக்கியமா, செங்குத்தான ஏற்றம் முக்கியமா என்பதை உறுப்புகளின் எடையைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.