ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகளின் வகுப்புகள்: நேரம் ஒதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மூன்று பிள்ளைகளும் ஒரே கைப்பேசியில்தான் இணையவழி வகுப்புகளைப் படித்தார்கள். அண்மையில் உறவினர் ஒருவர் தம் பிள்ளைகளுக்காகத் தயாரித்த நேர அட்டவணையைக் கொண்டுவந்து காட்டியபோது, முதல் மாதத்தில் நான் செய்த பிழைகள் அப்படியே அதில் இருந்தன. ஒலியை அணைக்க மறப்பது போன்றவற்றைப் பிள்ளைகளே இரண்டு நாளில் திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மணிக்கணக்கில் சமமாகப் பங்கிடுவது

ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று பிரித்துவிட்டால் சண்டை வராது என்று நம்பித்தான் நானும் தொடங்கினேன். இன்றும் யாராவது அப்படிப் பிரிப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை, ஏனெனில் அதில் எல்லாருக்கும் கைப்பேசி கிடைக்கும், வகுப்புதான் கிடைக்காது.

எங்கள் வீட்டின் ஒரு நாளை அப்படியே சொல்கிறேன். மூத்தவளுக்கு நேரலை வகுப்புகள் 10:00 முதல் 10:40 வரை, 11:30 முதல் 12:10 வரை, பிற்பகல் 3:00 முதல் 3:40 வரை என மூன்று. நடுப்பிள்ளைக்கு 10:20 முதல் 11:00 வரை ஒரு நேரலை வகுப்பும், அரை மணி நேரம் ஓடும் பதிவுப் பாடங்கள் இரண்டும். கடைக்குட்டிக்குக் காலை 9:00 முதல் 9:30 வரை ஒரு வகுப்பு, பிறகு பயிற்சித்தாள்களின் படங்கள். நான் மூத்தவளுக்கு 9 முதல் 11 வரையும், நடுப்பிள்ளைக்கு 11 முதல் 1 வரையும், சின்னவனுக்கு 2 முதல் 4 வரையும் ஒதுக்கியிருந்தேன். அந்த ஐந்து நேரலை வகுப்புகளில் மூத்தவளின் 10 மணி வகுப்பு ஒன்றுதான் உரியவருக்குக் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து, வகுப்புக்கு வராததற்குக் காரணம் கேட்டு ஆசிரியர் அழைத்த பிறகே எனக்கு இது உறைத்தது.

முதலில் பிரிக்க வேண்டியது வேலையை. குறித்த நேரத்தில் மட்டுமே கிடைக்கும் நேரலை வகுப்பு, கைப்பேசி வேண்டும் ஆனால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்னும் வேலை, கைப்பேசியே தேவைப்படாத வேலை என மூன்றாகப் பிரித்து, முதல் வகையை மட்டும் தாளில் எழுதிப் பாருங்கள். எங்கள் தாளில் மோதல் ஒரே இடத்தில்தான் இருந்தது: 10:20 முதல் 10:40 வரை. நடுப்பிள்ளையின் ஆசிரியர் பாடத்தைப் பதிவிட்டுவந்ததால், அவள் அந்த இருபது நிமிடத்தை விட்டுக்கொடுத்து, 10:45க்குச் சேர்ந்து சந்தேகங்களைக் கேட்டுவிட்டு, விடுபட்ட பகுதியைப் பிற்பகலில் பார்த்துக்கொண்டாள். இரண்டு வகுப்புகளுமே பதிவாகாத வீட்டில், ஒரு வாரம் ஒருவர் என மாற்றி மாற்றி விட்டுக்கொடுப்பதும், அதை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும்தான் வழி.

நேரலை வகுப்புகளுக்கு இடையில் எஞ்சிய நேரத்தில் மட்டுமே பதிவுப் பாடங்களை வைத்தோம். அந்தக் கணக்கில் மூத்தவளுக்கு அதிக நேரமும் சின்னவனுக்குக் குறைந்த நேரமும் விழுந்தன. சின்னவன் அழுதபோது அட்டவணையை மாற்றத் தோன்றியது. மாற்றாமல், அவனுடைய பயிற்சித்தாளை மூத்தவள் காகிதத்தில் எழுதிக்கொடுக்கும்படி செய்தேன். அவன் வேலை கைப்பேசியில்லாமலே நடந்தது.

வகுப்பு முடிந்ததும் அப்படியே கைமாற்றுவது

10:40க்கு ஒரு வகுப்பு முடிந்தால் அடுத்தவருக்கு 10:40க்கே கொடுக்க முடியாது. ஆசிரியர் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசுவார், வீட்டுப்பாடம் கடைசியில்தான் வரும், அடுத்தவர் தம் கணக்கிற்குள் நுழைந்து இணைப்பைத் தேட வேண்டும். ஐந்து நிமிட இடைவெளியை அட்டவணையிலேயே எழுதுங்கள். கைப்பேசியைக் கொடுப்பவர் வீட்டுப்பாடத்தைத் தம் நோட்டில் எழுதிய பிறகே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலையில் மூவரும் "ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். கைப்பேசியைக் கொடுத்தவருக்கு அடுத்த அரை மணி நேரம் அதே பாடத்தின் நோட்டு வேலை என்று வைத்தால், பாடம் நினைவில் இருக்கும்போதே கணக்குகளைப் போட்டுவிடலாம்.

கணக்கை மாற்றாமல் விடைகளை அனுப்புவது

நடுப்பிள்ளையின் விடைத்தாள் மூத்தவளின் கணக்கிலிருந்து போய்விட்டது. நடுப்பிள்ளையுடைய ஆசிரியரின் பட்டியலில் 'ஒப்படைக்கவில்லை' என்றே இருந்தது. அனுப்பும் முன் திரையின் மேல் மூலையில் இருப்பது யாருடைய கணக்கு என்று பார்க்க வேண்டும். கணினியானால் ஆளுக்கொரு பயனர் கணக்கு உருவாக்கிவிடலாம்.

மின்னேற்றத்துக்கு நேரம் ஒதுக்காதது

எங்கள் அட்டவணையில் 11:00 முதல் 11:30 வரை கைப்பேசி யாருக்கும் இல்லை, அது மின்னேற்றத்துக்கான நேரம்.

விடைகளை இரவுக்குத் தள்ளுவது

விடைகளை அனுப்ப மாலை 5 மணிக்கு ஆளுக்குப் பத்து நிமிடம், கெடு நெருங்கியவர் முதலில்.