ஆள் அனுப்பியும் ஆர்டர் அமையாத கதை

திருப்பாதிரிப்புலியூரில் பூக்கடை வைத்திருக்கிறேன். மஞ்சக்குப்பத்துச் சமையல் காண்ட்ராக்டர் ஒருவரும் நானும் ஒருவருக்கொருவர் ஆள் அனுப்புவதாகப் பேச்சு. 4 மாதத்தில் 11 கல்யாண வீட்டாரை அனுப்பினேன். ஒன்றுகூட அவருக்கு அமையவில்லை. அவரும் அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

முதலில் கார்டு அடித்தோம். அப்புறம் ஆர்டருக்கு 500 ரூபாய் கமிஷன். இரண்டும் வீண்.

என் ஆர்டர் நோட்டையும் அவருடைய அட்வான்ஸ் ரசீதுகளையும் பக்கத்தில் வைத்துத் தேதி பார்த்தபோதுதான் புரிந்தது. மண்டபம் கிடைத்த கையோடு சமையலுக்கு அட்வான்ஸ் போய்விடுகிறது. மாலை பேச என்னிடம் வருவதோ முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால். நான் அனுப்பியவர்கள் எல்லாரும் சாப்பாடு பேசி முடித்தவர்கள்!

சரி, மாற்றினோம். கல்யாணம் என்றால் அவர்தான் எனக்கு அனுப்புவார். அட்வான்ஸ் வாங்கும்போதே "பூவுக்கு யாரிடம் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் முகூர்த்தத் தேதியையும் நம்பரையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். நான் வளைகாப்பு, கிரகப்பிரவேசம் மட்டும் அனுப்புகிறேன். அவற்றில் பூவும் சாப்பாடும் ஒரே வாரத்தில் முடிவாகும்.

போன ஆவணியில் அவர் கொடுத்தது 3 கல்யாணம், நான் கொடுத்தது 5 வளைகாப்பு. 50 இலைக்குக் கீழே அவர் எடுப்பதில்லை. அதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.