பர்சேஸ் மேனேஜருக்கு முதல் மெயிலா? கடைசி வரியை முதலில் திருத்துங்கள்

"ஒரு வாய்ப்பு தாருங்கள்" என்ற வரியை அடித்துவிட்டு, அவர் "சரி" என்று மட்டும் பதில் போடக்கூடிய ஒரு கோரிக்கையை எழுதுங்கள். அட்டைப்பெட்டி விற்பவர் என்றால் இப்படி: "நீங்கள் இப்போது வாங்கும் அதே அளவில் 200 பெட்டி அனுப்புகிறோம். உங்கள் பேக்கிங் லைனில் ஓட்டிப் பாருங்கள். சரிவராதவற்றை எங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். மீதிக்கு 30 நாளில் பணம் தந்தால் போதும்."

பழைய சப்ளையரை மாற்றச் சொன்னால், நாளை சரக்கு சொதப்பினால் பழி மேனேஜர் தலையில்தான் விழும். 200 பெட்டிக்கு அந்தப் பயம் இல்லை. தொகையும் பெரும்பாலும் அவரே கையெழுத்துப் போடும் வரம்புக்குள் அடங்கிவிடும். கம்பெனி வரலாற்றுப் பத்தியையும் தூக்கிவிடுங்கள், அதை யாரும் படிப்பதில்லை.

டெண்டர் மூலம் மட்டுமே வாங்கும் அரசு நிறுவனங்களிடம் இது எடுபடாது. சப்ளையராகப் பதிவு செய்தால் கிடைக்கும் வெண்டர் கோட் இல்லாமல் ஆர்டரே போட முடியாத இடங்களில், முதலில் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.