படத்தின் ஓரத்தில் நிழலும் விரலும்: வெட்டும்போது விடுகிற பிழைகள்

இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் நாலரை மணிக்கு ஒரு குடும்பப் படம் எடுக்கிறார்கள். எல்லாருடைய முகத்திலும் வெயில் விழவேண்டும் என்று, எடுப்பவர் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அந்த நேரத்தில் ஆளின் நிழல் அவருடைய உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நீளும். படத்தில் ஆறு பேர் சிரிக்கிறார்கள். கீழ் ஓரத்திலே, கிரவல் மண்ணில், கைகளை உயர்த்திய ஏழாவது ஆளின் கறுத்த தலை. கனடாவில் இருக்கிற அண்ணாவுக்கு இதைக் கழுவிப் பிரேம் போட்டு அனுப்பவேண்டும். "அதென்ன, கீழே வெட்டிவிட்டால் சரிதானே" என்பார்கள். சரிதான், ஆனால் எவ்வளவு வெட்டுவது, எந்த விகிதத்தில் வெட்டுவது என்பதில்தான் படம் கெடுகிறது.

பெரும்பாலான போன்கள் படத்தை 4:3 விகிதத்தில் எடுக்கின்றன. 12 மெகாபிக்சல் என்றால் ஏறத்தாழ 4000 பிக்சல் அகலம், 3000 உயரம். ஸ்ரூடியோவில் கழுவும் 6க்கு 4 அங்குலப் படமோ 3:2 விகிதம். அதற்குப் பொருந்த உயரத்தில் 333 பிக்சல் எப்படியும் போகத்தான் வேண்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் இயந்திரம் நடுவை வைத்துக்கொண்டு மேலே பாதி, கீழே பாதி என்று வெட்டும். நம் படத்தில் நிழல் கீழிருந்து 250 பிக்சல் உயரம். கீழே 167 மட்டும் போனால் 83 பிக்சல் நிழல் மிஞ்சும். கழுவிய படத்தில் அது 3 மில்லிமீற்றர் கறுப்புத் திட்டு. முழு நிழலாவது என்னவென்று தெரியும். இந்தத் துண்டைப் பார்த்தால் படத்தில் ஏதோ கொட்டுப்பட்ட மாதிரி இருக்கும்.

ஆகவே வெட்டுவதை நீங்களே செய்யுங்கள். முதலில் விகிதத்தை 3:2 என்று தெரிவுசெய்து, பிறகு வெட்டுச் சட்டத்தை மேல்நோக்கித் தள்ளி, 333 பிக்சலையும் கீழிருந்தே எடுங்கள். நிழல் முழுதாகப் போய்விடும். கால்கள் கீழிருந்து 500 பிக்சலில் நிற்கின்றன என்றால், பாதங்களுக்குக் கீழே இன்னும் 6 மில்லிமீற்றர் மண் இருக்கும். தலைக்கு மேலே ஒன்றும் குறையாது. எப்படியும் இழக்கவேண்டிய பகுதியில்தான் நிழல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விகிதம் பாராமல் கையால் இழுத்து வெட்டுவது அதிகம் நடக்கிற பிழை. போன் திரையில் அழகாகத் தெரியும் நீள்பட்டைப் படம், கழுவும்போது ஒன்றில் வெள்ளை ஓரத்தோடு வரும், இல்லாவிட்டால் ஓரத்தில் நிற்கும் அம்மம்மாவின் தோள் பறந்துவிடும்.

ஐந்து மணி தாண்டினால் கதை வேறு. நிழல் இருபது அடிக்கு நீண்டு, நிற்பவர்களின் காலைத் தொடும். அப்போது சிலர் கணுக்காலோடு வெட்டிவிடுகிறார்கள். ஆட்கள் பாதம் இல்லாமல் நிற்கிற மாதிரி ஆகிவிடும். மூட்டுகளில் வெட்டாமல், துணிந்து நடுத்தொடைக்கு ஏறுங்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால் இருந்தால் அதுவும் முடியாது. நிழல் ஒருவருடைய சேலையில் ஏறிவிட்டால் வெட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை, திரும்ப எடுப்பதுதான். எடுப்பவர் குந்தியிருந்தாலே நிழல் குட்டையாகி, அவர்களின் காலுக்கும் நிழலுக்கும் நடுவே இடம் கிடைக்கும். கட்டோரத்து மருத மரத்தின் நிழலுக்குள் நின்று எடுத்தால் உங்கள் நிழல் அதற்குள்ளேயே கரைந்துவிடும்.

விரல் விடயத்தில் பிழை வேறு மாதிரி. நிழலுக்குத் தெளிவான விளிம்பு உண்டு. லென்சோடு ஒட்டி நிற்கும் விரல் கலங்கலாகத்தான் பதியும். மூலையில் தெரிகிற சிவப்புத் திட்டோடு நிறுத்தி வெட்டினால், அதைச் சுற்றிய மங்கல் அப்படியே இருக்கும். படத்தைப் பெருப்பித்து, வானத்தின் நிறம் பழைய நீலத்துக்கு எங்கே திரும்புகிறதோ அதற்கும் உள்ளே வெட்டுங்கள். இரவில் பிளாஷோடு எடுத்ததென்றால் விரலில் பட்ட வெளிச்சம் படம் முழுக்க வெளிறலாகப் பரவியிருக்கக்கூடும். மூலையை வெட்டி அதைத் தீர்க்கமுடியாது.

இன்னொன்று, வட்ஸ்அப்பில் வந்த பிரதியில் வெட்டாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 6க்கு 4 அங்குலத்தில் துலக்கமாகக் கழுவ 1800 வேண்டும். சுருங்கியதையே இன்னும் வெட்டினால் முகங்கள் மாவாகும். எடுத்தவரிடம் மூலப்படத்தை டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். வெட்டியதைத் தனிப் பிரதியாகச் சேமியுங்கள், ஏனென்றால் அண்ணா பிறகு 8க்கு 10 அங்குலத்தில் பெரிதாக்கிக் கேட்டால் அதன் விகிதம் 5:4. அதற்கு அகலத்தில்தான் வெட்டு விழும், நிழலை எடுக்கிற கணக்கை மூலப்படத்திலிருந்து மறுபடி போடவேண்டும்.