வாயுவை அழுத்தினால் ஏன் சூடாகிறது: வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிள் டயருக்கு வேகமாகக் காற்றடித்துவிட்டு, பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுடும். யாரும் அதை அடுப்பில் வைக்கவில்லை. உள்ளே இருந்த காற்றை உங்கள் கை அழுத்தியது, அவ்வளவுதான்.

மாணவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். ‘வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு’ என்று கேள்வியில் பார்த்ததும், வெப்பம் வரவில்லை, போகவில்லை, ஆகவே வெப்பநிலையும் மாறாது என்று எழுதிவிடுகிறார்கள். ‘வெப்பநிலை மாறா நிகழ்வு’ என்பது வேறொரு நிகழ்வு. இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் குழப்பம் கூடுகிறது. வெப்பம் என்பது எல்லையைக் கடந்து வரும் ஆற்றல். வெப்பநிலை என்பது உள்ளே மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதன் அளவு. முன்னோக்கி வரும் பிஸ்டனில் மோதித் திரும்பும் மூலக்கூறு, மட்டை வீச்சில் பட்ட பந்தைப் போல, வந்ததைவிட வேகமாகத் திரும்புகிறது. வெப்பம் கொடுக்காமலே வெப்பநிலை ஏறுவது இப்படித்தான்.

சரி, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டீசல் எஞ்சினின் சிலிண்டரில் 27°C வெப்பநிலையிலும் 1 atm அழுத்தத்திலும் காற்று இருக்கிறது. பிஸ்டன் அதை 16-ல் ஒரு பங்கு பருமனுக்கு அழுத்துகிறது. காற்றுக்கு γ = 1.4. இறுதி வெப்பநிலையும் அழுத்தமும் என்ன?

எல்லோருக்கும் நினைவில் நிற்பது PV^γ = மாறிலி. வெப்பநிலைக்கும் அதே அடுக்கைப் போட்டு TV^γ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஒரு மோலுக்கு P = RT/V. இதை PV^γ-வில் வைத்தால் ஒரு V குறைந்து TV^(γ−1) = மாறிலி என்று வந்துவிடும். அப்புறம்,

T₂ = 300 × 16^0.4

மடக்கை அட்டவணையில் log 16 = 1.2041. அதை 0.4-ஆல் பெருக்கினால் 0.4816, எதிர்மடக்கை 3.03. ஆக T₂ ≈ 909 K, அதாவது 636°C. டீசல் தானாகத் தீப்பற்ற ஏறத்தாழ 210°C போதும். ஸ்பார்க் பிளக் இல்லாமலே அந்த எஞ்சின் ஓடுவது இதனால்தான்.

இனி தவறான விடைகளைப் பாருங்கள். கெல்வினுக்கு மாற்றாமல் 27-ஐயே 3.03-ஆல் பெருக்கினால் 82°C வரும். அந்தச் சூட்டில் டீசல் பற்றாது. அடுக்கில் 0.4-க்குப் பதில் 1.4 போட்டால் 14,500 K-க்கு மேல் போகும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,800 K தான். விடை வந்ததும் அரை நிமிடம் இப்படி யோசித்தால், எங்கே பிசகியது என்று அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

அழுத்தத்தில் வேறொரு வழுக்கல் உண்டு. பருமன் 16 மடங்கு குறைந்ததால் அழுத்தம் 16 atm என்று பாயில் விதியைப் பிடித்துக்கொள்வார்கள். பாயில் விதி வெப்பநிலை மாறாதபோது மட்டுமே பொருந்தும். இங்கே P₂ = 16^1.4 ≈ 48.5 atm. பருமன் சுருங்கியதால் 16 மடங்கு. சூடேறியதால் மேலும் 3.03 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 48.5 வர வேண்டும், வருகிறது. இது PV/T = மாறிலி என்ற விதியேதான்; தேர்வில் விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

γ-வின் மதிப்பையும் கவனியுங்கள். அதே சிலிண்டரில் ஹீலியம் இருந்தால் γ = 5/3; வெப்பநிலை 1,900 K வரை ஏறும். ஹீலியம் ஓரணு வாயு. அதன் அணுக்களுக்கு இடம்பெயர்வு இயக்கம் மட்டுமே உண்டு. காற்றின் ஈரணு மூலக்கூறுகளோ வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கைச் சுழற்சிக்கும் கொடுத்துவிடுகின்றன.

அடுத்து வேலையின் குறி. இயற்பியல் பாடத்தில் ΔU = Q − W; W என்பது வாயு செய்த வேலை. வேதியியல் பாடத்தில் ΔU = q + w; w என்பது வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை. நம் கணக்கில் ஒரு மோலுக்கு

W = R(T₁ − T₂)/(γ − 1) = 8.314 × (300 − 909)/0.4 ≈ −12.7 kJ

இயற்பியல் தாளில் விடை −12.7 kJ, வேதியியல் தாளில் +12.7 kJ. அக ஆற்றல் இரண்டிலும் 12.7 kJ கூடுகிறது. குறியை எழுதுவதற்கு முன், யார் செய்த வேலை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. PV^γ எல்லாத் திடீர் அழுத்தத்துக்கும் பொருந்தாது. வெப்பம் சுவர் வழியே கசிய நேரமில்லாத அளவுக்கு வேகமாகவும், வாயுவின் அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருக்கும் அளவுக்கு நிதானமாகவும் அழுத்த வேண்டும். கேள்வியில் ‘மாறாத புற அழுத்தத்தில் திடீரென’ என்று இருந்தால், நிகழ்வு மீளா நிகழ்வு. அங்கே PV^γ-வை விட்டுவிட்டு, புற அழுத்தத்தைப் பருமன் மாற்றத்தால் பெருக்கி வேலையைக் கண்டுபிடித்து, அதை அக ஆற்றல் மாற்றத்துக்குச் சமன்படுத்த வேண்டும்.