ஒரு புள்ளியும் பத்து மடங்கு மருந்தும்: விவசாயத் தொழிலாளர்களுக்கான வாசிப்புப் பாடநூலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதுவந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு எழுத்தறிவிக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் குழந்தைகளின் பாடநூலைப் பார்த்தே எழுதப்படுகின்றன. அ, ஆ என்று தொடங்கி 247 எழுத்துகளையும் வரிசையாக முடித்த பிறகுதான் முதல் பயனுள்ள சொல் வருகிறது. பகலெல்லாம் குனிந்து வேலை செய்துவிட்டு மாலையில் வந்து உட்காரும் ஒருவர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார். ஙகர வரிசையை எட்டும் முன்பே வகுப்பில் பாதி இடம் காலியாகிவிடும்.

எழுத்தை வரிசையிலிருந்து எடுக்காமல் தேவையிலிருந்து எடுக்க வேண்டும். விலை, எடை, அளவு, தேதி, பெயர் என்ற ஐந்து சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றில் உள்ளவை மொத்தம் 12 எழுத்துகள்தான். இவற்றைக் கொண்டே விடை, அலை, தேர் என்று புதுச் சொற்களையும் கூட்டிப் படிக்கலாம். பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் என்ற ஊரில் 1963-இல் பாவ்லோ பிரெய்ரே சுமார் 300 தொழிலாளர்களுக்குப் பாடம் நடத்தியபோதும் இதே வழியைத்தான் பின்பற்றினார். மக்கள் வாழ்க்கையில் புழங்கும் சில சொற்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை அசைகளாகப் பிரித்து, அந்த அசைகளிலிருந்து வேறு சொற்களை உண்டாக்கச் செய்தார்.

தமிழில் இந்த ஐந்து சொற்களுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. லை, டை, தே, பெ ஆகிய நான்கிலும் உயிரின் குறி மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. புதிதாகப் படிப்பவர் கண்ணில் பட்ட வரிசையிலேயே ஒலிக்க முயன்று திணறுவார். இதைத் தனிப் பாடமாக முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்காமல், போகப் போகப் பிடிபடும் என்று விட்டுவிடுவது பெரிய தவறு. குறியையும் எழுத்தையும் சேர்த்து ஒரு வட்டத்துக்குள் அடைத்து அச்சிட்டால் அது ஒரே எழுத்து என்பது கண்ணுக்குத் தெரியும்.

இதைவிட ஆபத்தான தவறு எண்களில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களில் பலருக்கு எண்கள் ஓரளவு தெரியும் என்பதால், எண்ணைப் பற்றிய பாடத்தை இரண்டு பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தவை முழு எண்கள். பூச்சிமருந்துச் சீட்டில் இருப்பதோ புள்ளி வைத்த எண்.

ஒரு சீட்டில் ‘1 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி.’ என்று அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதுகில் மாட்டும் தெளிப்பானின் கொள்ளளவு 16 லிட்டர். சரியாகப் படித்தவர் 16-ஐ 2.5-ஆல் பெருக்கி 40 மி.லி. ஊற்றுவார். புள்ளியைக் கவனிக்காதவருக்கு அது 25. அவர் 400 மி.லி. ஊற்றுவார். பயிர் கருகும், தெளிப்பவர் உடம்பில் நஞ்சு ஏறும். புள்ளி ஏன் தவறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பாடநூலில் அதுவரை அவர் கண்ட புள்ளியெல்லாம் ‘ர்’ போல எழுத்தின் தலைமேல் இருந்தது. இப்போது அது கீழே, இரண்டு எண்களுக்கு நடுவே, மை சிந்தியது போல் கிடக்கிறது. அடுத்து வரும் ‘மி.லி.’ என்பதிலும் புள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்கு எண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே வரியில் ஒரே குறி இரண்டு வேலை செய்கிறது. அதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் விளங்கும்.

ஆகவே 2.5, 25, 250 மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உரிய அளவைத் தண்ணீரில் அளந்து பார்க்கச் செய்ய வேண்டும். அளவுக் குவளையில் 25 மி.லி. எங்கே நிற்கிறது என்று கண்டவர், 2.5 என்பது அடியை நனைக்கும் அளவுதான் என்பதை மறக்கமாட்டார். விலைச்சீட்டிலும் இதே சிக்கல்தான். 250.00 என்பதை 25000 என்று படித்துவிட்டு, கேட்கவும் கூச்சப்பட்டுக் கடையை விட்டு வெளியேறுவோர் உண்டு.

இந்தப் பயிற்சிக்கு மருந்து தீர்ந்த பாட்டிலைக் கழுவி வகுப்புக்குக் கொண்டுவருவது கூடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. சீட்டின் நகல் போதும்; குவளை புதியதாக இருக்கட்டும்.

அந்த நகலைப் பெரிதாக்கி, அழகான எழுத்தில் மாற்றி அச்சிடுவதும் தவறுதான். தொடக்கத்தில் பெரிய எழுத்து நல்லது. பிறகு படிப்படியாகக் குறைத்து, உண்மைச் சீட்டில் உள்ள பொடி எழுத்துக்கு வந்து சேர வேண்டும். அங்கே ஒரு தடை எழலாம்: 40 வயதைத் தாண்டியவர்களுக்கு அருகில் உள்ளதைப் பார்க்கும் திறன் இயல்பாகவே மங்கத் தொடங்கும். தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பவருக்குத் தேவை கண்ணாடி. அவரை ‘மெதுவாகக் கற்பவர்’ என்று எழுதிவைப்பது அநியாயம்.

நஞ்சின் கடுமையைக் காட்டும் நிறக் குறியைப் பற்றியும் பாடநூல்கள் அரைகுறையாகச் சொல்கின்றன. பல நாடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டே வரும். ‘பச்சை என்றால் பயமில்லை’ என்று பாடம் நடத்தினால், பச்சைக் குறி போட்ட மருந்தை வெறுங்கையால் கலக்குவார்கள். பச்சை என்பது மற்றவற்றைவிடக் குறைந்த நஞ்சு என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு கலக்க வேண்டும், தெளித்த எத்தனை நாளுக்குப் பிறகு அறுவடை செய்யலாம் என்பதையெல்லாம் நிறம் சொல்லாது. அதற்கு எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

கற்றுக்கொண்டார்களா என்று சோதிப்பதிலும் ஏமாந்துபோகிறோம். பழகிய சீட்டின் படத்தையும் நிறத்தையும் பார்த்தே உள்ளடக்கத்தை ஒப்பிக்கிறவர்கள் உண்டு. படத்தைத் தாளால் மூடிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அல்லது அதே சீட்டில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுங்கள். மனப்பாடம் அங்கேயே பிடிபட்டுவிடும். தேதிக்கும் இதையே செய்யலாம். உற்பத்தித் தேதியையும் காலாவதித் தேதியையும் இடம் மாற்றி அச்சிட்டுக் கொடுத்தால், எண்ணுக்கு முன்னால் உள்ள சொல்லைப் படிக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாகப் படிவம். பல வகுப்புகள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததோடு நிறுத்திக்கொள்கின்றன. படிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவரைத்தான் எளிதில் ஏமாற்ற முடியும். கூலிச் சீட்டில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லை அடையாளம் காண்பதும், எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் ஒன்றா என்று ஒப்பிடுவதும் கையெழுத்துக்கு முன்னால் வர வேண்டிய பாடங்கள். தொகைக்கான இடம் வெறுமையாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை வகுப்பிலேயே ஒருவர் மேற்பார்வையாளராகவும் ஒருவர் தொழிலாளியாகவும் நின்று நடித்துப் பழகுவது நல்லது. ‘தொகையை எழுதிக்கொடுங்கள், போடுகிறேன்’ என்ற வாக்கியம் வாயில் வரப் பழக வேண்டும்.

கட்டம் போட்ட படிவங்களில் இன்னொரு குழப்பம் வரும். ‘கொ’ என்று எழுதச் சொன்னால் கொம்புக்கு ஒரு கட்டம், ககரத்துக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம் என்று மூன்றை நிரப்பிவிடுவார்கள். பெயர் முடியும் முன்பே கட்டம் தீர்ந்துவிடும். உயிர்மெய் எழுத்து அதன் குறிகளோடு ஒரே கட்டத்துக்குள் அடங்க வேண்டும். முதல் வாரத்தில் வட்டத்துக்குள் அடைத்துக் காட்டியது இங்கேதான் கைகொடுக்கும். ஒவ்வொருவரும் தம் பெயரையும் வீட்டாரின் பெயர்களையும் கட்டம் போட்ட தாளில் எழுதிப் பார்க்க, பாடநூலின் கடைசிப் பக்கங்களை வெறும் கட்டங்களாகவே விட்டுவையுங்கள்.