ஃபேன்டசி அணி: கேப்டனும் வைஸ் கேப்டனும் இடம் மாறினால் மட்டும் போதாது

ஃபேன்டசி விளையாட்டில் ஐபிஎல் ஆட்டம் ஒன்றுக்கு நாம் தேர்ந்தெடுப்பது பதினொரு பேர், அவர்களை எடுக்க மொத்தம் 100 கிரெடிட்; அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி. ஆளுக்குச் சராசரி 9-க்குச் சற்று மேல். பலர் 10.5 விலையுள்ள நான்கு நட்சத்திரங்களை முதலில் எடுத்துவிடுகிறார்கள். 42 போய்விட்டால் மீதி ஏழு பேருக்கு 58தான். அதில் இருவரை 9-க்கு எடுத்தால் ஐந்து பேருக்கு ஆளுக்கு 8 மிஞ்சும். அந்த விலையில் ஏழாவதாக இறங்கும், பந்து வீசாத பேட்ஸ்மேன்களே அதிகம். மேல்வரிசை நன்றாக ஆடும் நாளில் அவருக்கு ஆறு பந்துகூடக் கிடைக்காது. அதே 8 கிரெடிட்டில் டெத் ஓவர் வீசும் பவுலர் கிடைத்தால் அவரை எடுங்கள். கடைசி ஓவர்களில் எல்லாரும் தூக்கி அடிப்பதால் விக்கெட் விழும். கையில் ஒரு கிரெடிட் மிஞ்சுகிறதே என்று நல்ல தேர்வை மாற்றுவதும் தவறு. மிச்சத்துக்கும் புள்ளி கிடையாது, செலவுக்கும் கிடையாது.

அடுத்து கேப்டன். கேப்டனுக்கு இரட்டிப்பு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. எல்லாரும் எடுக்கும் தொடக்க வீரர் 80 புள்ளி, கீப்பர் 60 புள்ளி எடுப்பதாக வைப்போம். தொடக்க வீரர் கேப்டன், கீப்பர் வைஸ் கேப்டன் என்றால் 160 + 90 = 250. இருவரையும் இடம் மாற்றினால் 240. வித்தியாசம் பத்தே புள்ளி! இதை டிஃபரென்ஷியல், அதாவது மற்றவர்களிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்டும் தேர்வு என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சேப்பாக்கத்தில் பந்து திரும்பும் நாளில், குறைவானவர்களே எடுத்த சுழலர் ஒருவரைக் கேப்டன் ஆக்குங்கள். தொடக்க வீரரை வைஸ் கேப்டனாக வையுங்கள். சுழலர் 100 எடுத்தால் 200 + 120 + 60 = 380. தொடக்க வீரரைக் கேப்டனாகவும் கீப்பரை வைஸ் கேப்டனாகவும் வைத்து, சுழலர் இடத்தில் 20 புள்ளி எடுத்தவரை வைத்திருக்கும் எதிராளிக்கு 270. அவரிடமும் அதே சுழலர் சாதாரண வீரராக இருந்தால் அவருக்கு 350, இடைவெளி 30 ஆகிவிடும். சுழலர் 10 மட்டும் எடுத்தால் உங்களுக்கு 200, எதிராளிக்கு 270. ஆயிரக்கணக்கானோர் ஆடும் போட்டியில் முன்னே வர இந்த ஆபத்து தேவை. நான்கைந்து நண்பர்கள் ஆடும் இலவச லீக்கில் தேவையே இல்லை. அங்கே கேப்டன் பாதுகாப்பானவராக இருக்கட்டும், ஒரே ஒரு டிஃபரென்ஷியல் போதும். (2025 சட்டத்துக்குப் பின் இந்தியாவில் பணம் கட்டி ஆடுவதற்குத் தடை.)

அந்தச் சுழலரைக் கேப்டனாக்கிவிட்டு எதிரணியின் நடுவரிசையிலிருந்து மூன்று பேட்ஸ்மேன்களை எடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. அவர் மூன்று விக்கெட் எடுத்தால் போவது உங்கள் ஆட்களே. அங்கே ஒருவர் போதும்.

7.30 ஆட்டத்துக்கு டாஸ் 7 மணிக்கு. அணிப்பட்டியல் வந்த பிறகு, ஆட்டத்தின் நடுவே ஒருவரை இறக்க அணி அறிவிக்கும் இம்பாக்ட் மாற்று வீரர்களின் ஐந்து பெயர்களையும் பாருங்கள். முதலில் பேட் செய்யும் அணி ஒரு பவுலரை அங்கே வைத்திருக்கலாம்; பதினொன்றில் இல்லையே என்று உங்கள் சுழலரை அவசரத்தில் நீக்கிவிடாதீர்கள்.